அம்மா வழியில் வரும் சர்க்கரை

சேரன்மகாதேவிப் பக்கம் எனக்கு வேண்டிய ஒரு குடும்பம் இருக்கிறது. அடையாளம் தெரியக் கூடாது என்பதால் சில விவரங்களை மாற்றித்தான் எழுதுகிறேன். அந்த வீட்டு அக்காவுக்கு இப்போது 46 வயது. 34 வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. ஆள் நல்ல ஒல்லி, உயரமும் குறைவு. சர்க்கரை என்றால் உடம்பு கனத்தவர்களுக்கு வருவது என்றுதானே ஊரில் பேச்சு, அதனால் எல்லோருக்கும் ஆச்சரியம். 40 தாண்டியதும் இரண்டு காதும் மந்தமாகிவிட்டது. அவருடைய அம்மா, அதாவது பிள்ளைகளுக்கு ஆச்சி, அவருக்கும் இதே சர்க்கரை, இதே காது, கடைசியில் இதயம் பலவீனமாகிப் போய்ச் சேர்ந்தார். அக்காவின் தம்பி 41 வயதில் இன்சுலின் போட்டுக்கொள்கிறார். மகளுக்கு 19 வயது, பாளையங்கோட்டையில் கல்லூரியில் படிக்கிறாள், இரண்டு மாடி ஏறினால் கால் கடுத்து உட்கார்ந்துவிடுவாள், அடிக்கடி வாந்தியோடு தலைவலி வேறு. 23 வயது மகனுக்கு ஒன்றும் இல்லை.

சர்க்கரையும் செவிட்டுத்தனமும் ஒரே குடும்பத்தில், அதுவும் அம்மா வழியிலேயே தொடர்ந்து வந்தால், சர்க்கரை டாக்டர் ஒருவர் கட்டாயம் நினைத்துப் பார்க்க வேண்டிய ஒரு பெயர் உண்டு: m.3243A>G. செல்லுக்கு ஆற்றல் தயாரித்துக் கொடுக்கும் மைட்டோகாண்ட்ரியாவுக்கென்று தனியாக இருக்கும் டி.என்.ஏ.வில் 3243ஆவது இடத்தில் 'ஏ' இருக்க வேண்டிய இடத்தில் 'ஜி'. 1990இல் ஜப்பானியக் குழு ஒன்று, சிறு வயதிலேயே பக்கவாதம் போன்ற தாக்குதல்கள் வரும் மெலாஸ் என்ற நோயில் இந்தப் பிறழ்வைக் கண்டது. இரண்டு ஆண்டு கழித்து அதே எழுத்து மாற்றம்தான் சர்க்கரையும் காது கேளாமையும் சேர்ந்து வரும் குடும்பங்களிலும் இருக்கிறது என்று தெரிந்தது. ஒரே பிறழ்வு, ஒரு வீட்டில் சர்க்கரையாகவும் இன்னொரு வீட்டில் வலிப்பாகவும் வருகிறது, ஒரே வீட்டுக்குள் ஒருவருக்கு வந்து இன்னொருவரை விட்டுவிடுகிறது. இந்தக் குடும்பத்தில் சோதனை எடுத்தபோது அதுதான் வந்தது. அக்காவின் இரத்தத்தில் இருக்கும் மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வில் 14 சதவீதம் பிறழ்ந்தது. ஒரு இடத்தில் அதைப் பார்த்துவிட்டு, 14 தானே, குறைவுதான், பயப்பட ஒன்றுமில்லை என்று சொல்லி அனுப்பிவிட்டார்கள்.

அக்கா ரிப்போர்ட்டை எடுத்துக்கொண்டு என்னிடம் வந்தார். நான் டாக்டர் கிடையாது, உயிர்வேதியியல் சொல்லிக்கொடுக்கிறவன், ஆராய்ச்சி மாணவனாக இருந்தபோது ஈஸ்ட் செல்லின் மைட்டோகாண்ட்ரியாவுக்குள் புரதம் எப்படி நுழைகிறது என்பதிலேயே என் காலம் போனது. அக்கா கேட்டது இரண்டே கேள்வி. "ஏன் தம்பி, பதினாலுன்னா கொஞ்சம்தானே, பெறவு எனக்கு ஏன் இவ்வளவு?" என்பது ஒன்று. "எந்தம்பி மவளுக்கும் பாக்கணுமா?" என்பது இன்னொன்று. இரண்டாவதிலிருந்து தொடங்குகிறேன், ஏனென்றால் அதற்கான பதில் நான் வேலை பார்த்த அந்த வாசலிலேயே இருக்கிறது.

தம்பி மகளுக்குப் பார்க்க வேண்டியதில்லை. தம்பிக்கு இருக்கிறது, ஆனால் அவரிடமிருந்து பிள்ளைக்குப் போகாது. மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ. அம்மாவிடமிருந்து மட்டுமே பிள்ளைக்கு வருகிறது. இதைச் சொன்னால் நம் ஊர் ஆட்களுக்குச் சட்டென்று புரிந்துவிடும், காரணம் நம்மிடம் உறவுப் பெயர்கள் தெளிவாக இருக்கின்றன. அக்காவோடு இந்த டி.என்.ஏ.வைப் பகிர்ந்துகொள்கிறவர்கள் அவருடைய அம்மா, உடன்பிறந்தவர்கள், அம்மாவின் அக்கா தங்கைகள், அதாவது பெரியம்மாவும் சித்தியும், அவர்களுடைய பிள்ளைகள், அப்புறம் தாய்மாமா. தாய்மாமா வரை வந்து நின்றுவிடும், மாமா பிள்ளைகளுக்கு மாமியின் டி.என்.ஏ.தான். ஆகவே தென்காசியில் இருக்கும் சித்தி மகளைக் கூப்பிட்டுச் சொல்ல வேண்டும், அவள் பிள்ளைகளுக்கும் சொல்ல வேண்டும். தம்பி பிள்ளைகளை, மாமா பிள்ளைகளைத் தொந்தரவு செய்ய வேண்டாம்.

இதில் நம் பக்கத்துக்கு மட்டுமே உரிய ஒரு பயத்தையும் சொல்லிவிட வேண்டும். சொந்தத்தில் கட்டினதால்தான் இது வந்தது என்று அக்காவின் மாமியார் வீட்டில் ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது, ஏனென்றால் ஆச்சி தன் சொந்தத் தாய்மாமாவைத்தான் கட்டியிருந்தார். தாய்மாமாவும் ஆச்சியும் ஒரே தாய்வழி, இருவருக்கும் இந்தப் பிறழ்வு இருந்திருக்கலாம் என்பது உண்மை. ஆனாலும் பிள்ளைகளுக்குப் போனது ஆச்சியுடையது மட்டும்தான். மாமா என்ன வைத்திருந்தாலும் அது கணக்கில் சேராது, இரண்டு பக்கமும் சேர்ந்து கூடுவது என்பது இந்த டி.என்.ஏ.வில் கிடையாது. சொந்தத்தில் கட்டுவது பிரச்சினையாவது உட்கருவில் இருக்கும் மரபணுக்களில், அதை அப்புறம் சொல்கிறேன்.

சரி, அப்பாவுடையது ஏன் வருவதில்லை? விந்தணுவின் நடுப்பகுதியில், வால் தொடங்கும் இடத்தைச் சுற்றி, மைட்டோகாண்ட்ரியா சுருண்டு கிடக்கின்றன. அவை கருமுட்டைக்குள்ளும் நுழைகின்றன. நெடுங்காலமாக எங்களுக்குச் சொல்லிக்கொடுத்தது, நாங்களும் வகுப்பில் சொல்லிக்கொடுத்தது, முட்டை அவற்றை அடையாளம் கண்டு அழித்துவிடுகிறது என்பது. அது பொய் இல்லை. குரங்கு, மாடு ஆகியவற்றின் கருக்களில் விந்தணுவின் மைட்டோகாண்ட்ரியா மீது யூபிக்விட்டின் என்ற அழிப்பு முத்திரை குத்தப்படுவதை 1999இலேயே காட்டியிருக்கிறார்கள். ஆனால் மனித விந்தணுவைப் பற்றி 2023இல் வந்த ஒரு ஆய்வு, அமெரிக்காவில் மிட்டாலிப்போவ், டெமியாகோவ் ஆகியோரின் குழுக்கள் செய்தது, கதையின் இன்னொரு பாதியைக் காட்டியது. முதிர்ந்த மனித விந்தணுவில் மைட்டோகாண்ட்ரியா இருக்கிறது, அதற்குள் முழுமையான டி.என்.ஏ.வே இல்லை. முட்டை அழிப்பதற்கு முன்பே, விந்தணு உருவாகும் காலத்திலேயே காலி. அப்படி ஆவதற்குக் காரணம் புரதம் உள்ளே நுழைவதில் நடக்கும் ஒரு தடை.

இதைப் புரிந்துகொள்ள வாசலை ஒரு முறை நன்றாகப் பார்க்க வேண்டும். மைட்டோகாண்ட்ரியாவில் வேலை செய்யும் புரதங்கள் ஆயிரத்துக்கும் மேல். அதன் சொந்த டி.என்.ஏ. 16,569 எழுத்துகள் கொண்ட ஒரு சிறு வளையம், அதில் புரதத்துக்கான மரபணுக்கள் வெறும் 13தான். மற்ற அத்தனையும் உட்கருவிலிருந்து செய்தி வந்து, வெளியே செல் திரவத்தில் தயாராகி, இரண்டு சவ்வுகளைத் தாண்டி உள்ளே போகின்றன. உள்ளே போக வேண்டிய புரதங்களில் பலவற்றுக்கு முன்பக்கத்தில் ஒரு சிறு துண்டு இருக்கும், சில பத்து அமினோ அமிலங்கள் நீளம், சுருள் வடிவில் வளையும், ஒரு பக்கம் நேர்மின்னேற்றம், மறுபக்கம் எண்ணெய்த் தன்மை. வெளிச்சவ்வில் இருக்கும் டாம் என்ற புரதக் கூட்டம் இந்தத் துண்டைப் பிடித்து, புரதத்தை மடிப்பு அவிழ்ந்த நிலையில் துளைக்குள் விடும். உள்சவ்வில் இருக்கும் டிம்23 அதை வாங்கிக்கொள்ளும். உள்சவ்வின் உட்புறம் எதிர்மின்னேற்றம், சுமார் 150 மில்லிவோல்ட்டுக்கு மேல், ஆகவே நேர்மின்னேற்றமுள்ள முன்துண்டு உள்ளே இழுபடும். மீதிப் புரதத்தை உள்ளிருந்து ஹெச்.எஸ்.பி.70 என்ற புரதம் ஏ.டி.பி. என்ற ஆற்றல் மூலக்கூறைச் செலவழித்து இழுத்து முடிக்கும். கடைசியில் ஒரு நொதி அந்த முன்துண்டை வெட்டி எறிந்துவிடும். வெட்டும் நொதி உள்ளே மட்டும்தான் இருக்கிறது. இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள், ஏனென்றால் ஒரு புரதம் உள்ளே போய் வந்ததா இல்லையா என்பதற்கு அதுவே சாட்சி.

அப்படி உள்ளே போகும் புரதங்களில் ஒன்று டிஃபாம். மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைச் சுற்றிக்கொண்டு கட்டிக் காப்பது இதுதான். ஒரு வளையத்துக்கு ஆயிரம் மூலக்கூறு வரை சுற்றியிருக்கும். இது இல்லாவிட்டால் வளையம் படியெடுக்கப்படாது, நிலைக்கவும் செய்யாது. இதன் முன்துண்டு 42 அமினோ அமிலம். விந்தணு உருவாகும் பாதையில் செல் என்ன செய்கிறது என்றால், டிஃபாமின் இந்த முன்துண்டில் பாஸ்பேட்டை ஒட்டிவிடுகிறது. பாஸ்பேட் எதிர்மின்னேற்றம் உடையது, நேர்மின்னேற்றத்தை நம்பியிருந்த துண்டில் போய் அது உட்கார்ந்துகொள்கிறது. வாசல் அதை ஏற்பதில்லை, டிஃபாம் திசை மாறி விந்தணுவின் உட்கருவுக்குப் போய்விடுகிறது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் காவல் இல்லை, டி.என்.ஏ. படிப்படியாகத் தீர்ந்துபோகிறது. அவர்கள் இதை எப்படிப் பிடித்தார்கள் என்பதுதான் எனக்கு ரொம்பப் பிடித்த இடம். விந்தணுவின் உட்கருவில் கிடைத்த டிஃபாமில் அந்த முன்துண்டு வெட்டப்படாமல் அப்படியே ஒட்டியிருந்தது. வெட்டும் நொதி உள்ளே மட்டும் இருக்கிறது, துண்டு வெட்டப்படவில்லை, ஆகவே அந்தப் புரதம் உள்ளே போகவே இல்லை.

விதிவிலக்கு உண்டா என்று கேட்பார்கள். 2002இல் டென்மார்க்கில் ஒருவருடைய தசையில் அப்பா வழி டி.என்.ஏ. பெரும்பான்மையாக இருந்ததாக ஒரு அறிக்கை வந்தது. உலகம் முழுக்கத் தேடியும் அப்படிப்பட்டது அரிதிலும் அரிது. ஒரு குடும்பத்துக்கு ஆலோசனை சொல்லும்போது, ஆண் வழியாகப் போகாது என்று தயங்காமல் சொல்லலாம். அக்காவின் தம்பிக்கு அதுதான் பெரிய நிம்மதி, மகள் கல்யாணத்தை நினைத்து மனுஷன் தூங்காமல் கிடந்திருக்கிறார்.

இனி அந்த 14. ஒரு செல்லில் இந்த வளையம் நூற்றுக்கணக்கில், ஆயிரக்கணக்கில் இருக்கும். எல்லாமே பிறழ்ந்ததாக இருக்க வேண்டியதில்லை, நல்லதும் கெட்டதும் கலந்திருக்கும். இந்தக் கலப்பைத்தான் ஹெட்டிரோபிளாஸ்மி என்கிறோம், சதவீதமாகச் சொல்வது அதைத்தான். கெட்டது ஒரு எல்லையைத் தாண்டும் வரை நல்லது சமாளித்துக்கொள்ளும். எல்லை திசுவுக்குத் திசு, பிறழ்வுக்குப் பிறழ்வு மாறும், பொதுவாக 60 சதவீதத்திலிருந்து 90 சதவீதத்துக்குள் எங்கோ இருக்கும். அப்படிப் பார்த்தால் 14 என்பது ஒன்றுமே இல்லைதான். ஆனால் 14 என்பது இரத்தத்தில். அக்காவின் கணையத்திலோ உள்காதிலோ எவ்வளவு என்று அந்த எண் சொல்லவில்லை.

3243 பிறழ்வுக்கு ஒரு குணம் உண்டு, இரத்தத்தில் அதன் அளவு வயதாக ஆகக் குறைந்துகொண்டே வரும். இரத்த அணுக்கள் வாழ்நாள் முழுக்க எலும்பு மஜ்ஜையில் பிறந்துகொண்டே இருப்பவை, பிறழ்வு கூடுதலாக இருக்கும் தாய்செல்கள் அந்த ஓட்டத்தில் பின்தங்கிப்போகின்றன. தசையும் நரம்பும் அப்படி மாறிக்கொண்டே இருப்பதில்லை, அங்கே கெட்டது தங்கிவிடுகிறது. இங்கிலாந்தின் நியூகாசில் குழு நிறைய நோயாளிகளின் அளவுகளை வைத்து 2018இல் ஒரு திருத்தக் கணக்குக் கொடுத்தது. இரத்த அளவு ஆண்டுக்கு, இருப்பதில் 2.3 சதவீதம் வீதம் குறைகிறது என்பது அதன் அடிப்படை:

```
திருத்திய அளவு = இரத்த அளவு ÷ 0.977^(வயது + 12)
```

இதை அக்காவுக்குப் போட்டுப் பார்த்தோம். வயது 46, பன்னிரண்டைக் கூட்டினால் 58. 0.977ஐ 58 முறை பெருக்கினால் சுமார் 0.26. 14ஐ அதால் வகுத்தால் 54. பதினாலு என்று போனவர் ஐம்பத்து நாலாகத் திரும்பி வருகிறார். மகளுக்கு இரத்தத்தில் 30 சதவீதம் என்று வந்திருந்தது. அம்மாவைவிட இரண்டு மடங்குக்கு மேல் என்று வீட்டில் எல்லோரும் கலங்கிப்போயிருந்தார்கள். அவளுக்கு வயது 19, அடுக்கு 31, வகுக்கும் எண் 0.486, கிடைப்பது 62. அம்மா 54, மகள் 62, அவ்வளவுதான் இடைவெளி. மகனுக்கு இரத்தத்தில் 9, திருத்தினால் 20. தம்பிக்கு 11, திருத்தினால் 38. திருத்தாமல் பார்த்தால் அக்காவும் தம்பியும் மகனும் ஏறத்தாழ ஒன்று போலத் தெரிவார்கள், மகள் மட்டும் தனித்து நிற்பாள். திருத்திப் பார்த்தால் அம்மாவும் மகளும் ஒரு பக்கம், மகன் இன்னொரு பக்கம், தம்பி இடையில். யாருக்கு என்ன தொந்தரவு என்பதோடு இந்த இரண்டாவது படம்தான் ஒத்துப்போகிறது.

இந்தக் கணக்கையும் அளவுக்கு மீறி நம்பக் கூடாது. ஒரு ஆளுக்கு எவ்வளவு கடுமையாக வரும் என்பதில் ஒரு பகுதியைத்தான் இது விளக்கும். இரத்த அளவு மிகக் குறைவாக இருந்தால், 1 அல்லது 2 என்றால், அளப்பதில் வரும் சின்னப் பிழைகூடத் திருத்தும்போது பெருத்துவிடும். வேறு பிறழ்வுகளுக்கு இந்தச் சூத்திரத்தைப் போடவே கூடாது, இது 3243ஐ வைத்துப் போட்ட கணக்கு. அதனால்தான் சிறுநீர்ச் சோதனையும் கேட்கச் சொன்னேன். காலையில் எடுத்த சிறுநீரின் அடியில் தங்கும் செல்களில் 3243 நன்றாகத் தெரியும், தசையைக் குத்தி எடுக்காமல் கிடைக்கும் நல்ல மாதிரி அது. அக்காவின் சிறுநீரில் 48 சதவீதம் வந்தது. பெண்களுக்கு ஆண்களைவிடச் சிறுநீரில் இந்தப் பிறழ்வின் அளவு சற்றுக் குறைவாகவே இருக்கும், ஆகவே 54க்குப் பக்கத்தில்தான்.

எதைக் கொண்டு அளந்தார்கள் என்பதையும் கேட்க வேண்டும். டி.என்.ஏ. எழுத்துகளைப் படிக்கும் பழைய சாங்கர் முறையில் 15, 20 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் கண்ணில் படாமல் போகலாம். 65 வயது ஆச்சி ஒருவரின் இரத்தத்தை அப்படிச் சோதித்து, இல்லை என்று ரிப்போர்ட் கொடுத்தால் அது இல்லை என்று ஆகாது. பெரிய பணம் கட்டி எடுக்கும் எக்ஸோம் சோதனை உட்கரு மரபணுக்களுக்கானது, மைட்டோகாண்ட்ரியா டி.என்.ஏ.வைத் தனியாகச் சேர்த்திருக்கிறார்களா என்று கேட்காமல் விடக் கூடாது. எக்ஸோம் பார்த்தாச்சு, ஒன்றுமில்லை என்று வருகிறவர்கள் நிறையப் பேர், அவர்களுக்காகவே இதை இவ்வளவு அழுத்திச் சொல்கிறேன்.

ஒரே அம்மாவின் வயிற்றில் பிறந்த மகளுக்கு 62, மகனுக்கு 20 என்று எப்படி வந்தது? அம்பை 16 நெல் மூட்டையில் வேறு ரகம் பாதிக்குப் பாதி கலந்திருக்கிறது என்று வையுங்கள். ஒரு மரக்கால் அளந்து எடுத்தால் அதிலும் ஏறத்தாழப் பாதி இருக்கும். ஐந்தாறு மணியை மட்டும் பொறுக்கி எடுத்தால் ஒரு தடவை ஒன்று, ஒரு தடவை ஐந்து என்று எப்படியும் வரும். முதிர்ந்த கருமுட்டையில் வளையங்கள் லட்சத்துக்கும் மேல் இருக்கும், ஆனால் அந்த முட்டையாகப் போகும் ஆதி செல்லில் எண்ணிக்கை அதைவிட மிக மிகக் குறைவு. அந்தக் குறுகலைத் தாண்டும்போது எது எவ்வளவு வந்து சேர்கிறது என்பது பெரும்பாலும் தற்செயல், அப்புறம் அந்தக் கலவைதான் லட்சமாகப் பெருகுகிறது. இந்தக் குறுகல் நடப்பது, அக்கா தன் அம்மாவின் வயிற்றில் கருவாக இருந்த காலத்திலேயே. அக்கா சாப்பிட்டது, கர்ப்பத்தில் வேலை பார்த்தது, பேறுகாலத்துக்குப் பிறகு வயலில் இறங்கியது, எதுவும் இதில் காரணம் இல்லை. நான் சொன்னதிலேயே அக்கா திரும்பத் திரும்பக் கேட்டது இந்த ஒன்றைத்தான்.

இந்த ஒரு எழுத்து மாறினால் ஏன் ஆற்றல் குறைகிறது என்பதில் மறுபடியும் வாசல் வருகிறது. 3243 இருப்பது ஒரு புரதத்தின் மரபணுவில் இல்லை, லியூசின் என்ற அமினோ அமிலத்தைக் கொண்டுவந்து கொடுக்கும் டி-ஆர்.என்.ஏ.வின் மரபணுவில். அந்த டி-ஆர்.என்.ஏ.வில் டாரின் என்ற மூலக்கூறு சேர்ந்த ஒரு சிறு மாற்றம் நடக்க வேண்டும், பிறழ்ந்ததில் அது நடப்பதில்லை, அதனால் லியூசினுக்கான ஒரு குறிப்பைச் சரியாகப் படிக்க முடியாமல் திணறுகிறது. உள்ளே தயாராகும் அந்த 13 புரதங்களும் தடுமாறுகின்றன. ஆற்றல் தயாரிக்கும் புரத வரிசையான மூச்சுச் சங்கிலியின் முதல் கூட்டமைப்பை எடுத்துக்கொண்டால் அதில் 45 அலகுகள், ஏழு உள்ளே செய்பவை, மீதி 38 வாசல் வழியாக வெளியிலிருந்து வருபவை. வெளியிலிருந்து வருகிறவை ஒழுங்காக வந்துகொண்டே இருக்கின்றன. சேர வேண்டிய ஏழும் சரியாக இல்லாததால் கூட்டமைப்பு முடிவதில்லை, வந்தவை வீணாகிச் சிதைக்கப்படுகின்றன. இரண்டு இடத்து மரபணுக்களும் அளவு பார்த்துச் சேர வேண்டிய இந்த ஏற்பாட்டில் ஒரு பக்கம் சறுக்கினாலே போதும்.

கெட்ட மைட்டோகாண்ட்ரியாவைச் செல்லே கண்டுபிடித்து அப்புறப்படுத்தாதா என்று ஒரு மாணவி வகுப்பில் கேட்டாள், நல்ல கேள்வி. அதற்கு ஏற்பாடு உண்டு, அதுவும் வாசலில்தான். பிங்க்1 என்ற புரதம் நல்ல மைட்டோகாண்ட்ரியாவில் உள்ளே இழுக்கப்பட்டு, வெட்டுப்பட்டு, உடனே அழிக்கப்பட்டுவிடும். உள்சவ்வின் மின்னழுத்தம் விழுந்துவிட்டால் இழுக்க ஆள் இல்லை, பிங்க்1 வாசலிலேயே குவிந்து நின்று பார்க்கின் என்ற புரதத்தை வரவழைத்து, இதை அழி என்று முத்திரை போட வைக்கும். ஆனால் இந்தக் காவல் பார்ப்பது மின்னழுத்தத்தை, டி.என்.ஏ.வை அல்ல. கலப்பு உள்ள செல்லில் மைட்டோகாண்ட்ரியாக்கள் ஒன்றோடொன்று இணைந்து பிரிந்துகொண்டே இருப்பதால், நல்ல வளையத்தின் புரதங்கள் கெட்ட வளையத்தையும் தாங்கிப் பிடிக்கின்றன, அழுத்தம் அவ்வளவு எளிதில் விழுவதில்லை. ஆகவே பாதி கெட்டுப்போன கூட்டமும் காவலைத் தாண்டிப் பல ஆண்டு வாழ்ந்துவிடுகிறது.

உட்கரு மரபணுக்களைப் பற்றிச் சொல்கிறேன் என்றேனே. வாசலே கெட்டுப்போகும் நோய்களும் உண்டு, அவற்றில் ஒன்று நம் கதையோடு குழம்பக்கூடியது. டிம்8ஏ என்பது இரண்டு சவ்வுகளுக்கு நடுவே இருந்து, உள்சவ்வுக்குப் போக வேண்டிய புரதங்களைக் கைத்தாங்கலாகக் கொண்டுபோய் விடும் சிறு புரதம். அதன் மரபணு எக்ஸ் குரோமோசோமில் இருக்கிறது. அது கெட்டால் சிறு வயதிலேயே காது போகும், வளர்ந்த பிறகு கைகால் முறுக்கிக்கொள்ளும் டிஸ்டோனியா வரும். மோர்–டிரேன்பியர் நோய் என்று பெயர். இதுவும் அம்மா வழியில்தான் வருகிறது, இதிலும் காது போகிறது. வித்தியாசம் என்னவென்றால் இதில் கடுமையாகப் பாதிக்கப்படுவது ஆண் பிள்ளைகள், அம்மாக்கள் பெரும்பாலும் நன்றாக இருப்பார்கள். பாதிக்கப்பட்ட ஆணின் மகள்கள் எல்லோருமே அந்த மரபணுவைச் சுமப்பார்கள். 3243இல் ஆணும் பெண்ணும் இருவருமே பாதிக்கப்படுவார்கள், ஆணின் பிள்ளைகளுக்குப் போகாது. ஆச்சி, அக்கா, மகள் என்று மூன்று தலைமுறைப் பெண்கள் வரிசையாக இருக்கும் வீட்டில் டிம்8ஏவை நினைக்க வேண்டியதில்லை. இன்னொரு வகை, அம்மா அப்பா இருவரிடமிருந்தும் ஒவ்வொரு கெட்ட பிரதி வந்து சேர்ந்தால் மட்டும் வருவது. மைட்டோகாண்ட்ரியாவுக்குள் போகும் புரதங்களில் பலவற்றின் நோய் இப்படித்தான். சொந்தத்தில் கட்டுவது இங்கேதான் பொருட்படுத்த வேண்டிய விஷயம். அப்படிப்பட்ட குடும்பத்தில் அம்மாவும் அப்பாவும் நன்றாக இருப்பார்கள், பிள்ளைகளில் சிலருக்கு மட்டும் வரும்.

அக்காவுக்கு மருந்தில் என்ன மாறியது என்றால், மெட்ஃபார்மினை நிறுத்திவிட்டார்கள். அது மைட்டோகாண்ட்ரியாவின் மூச்சுச் சங்கிலியையே தொடும் மருந்து, 3243 உள்ளவர்களுக்கு இரத்தத்தில் லாக்டிக் அமிலம் ஏறிவிடும் ஆபத்து இருப்பதால் பொதுவாகத் தவிர்க்கிறார்கள். இப்போது இன்சுலின். வருஷத்துக்கு ஒரு முறை ஈ.சி.ஜி., எக்கோ, சிறுநீரகச் சோதனை, கண்ணில் விழித்திரைப் பார்வை. காதுக்குக் கருவி வைத்தாயிற்று. அது போதாமல் போனால் காக்ளியர் இம்ப்ளாண்ட் இவர்களுக்கு நன்றாகவே வேலை செய்கிறது, ஏனென்றால் கெடுவது பெரும்பாலும் உள்காதுதான், அதற்கு அப்பாலுள்ள நரம்பு இல்லை. மகளுக்குத் தலைவலியோடு பார்வை மங்கினாலோ, பேச்சு குழறினாலோ, வலிப்பு வந்தாலோ, அது பக்கவாதம் போன்ற தாக்குதலாக இருக்கலாம், காத்திருக்காமல் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், 3243 இருக்கிறது என்பதை அங்கே முதல் வரியிலேயே சொல்ல வேண்டும். மகளின் செல்போனில் அந்த ரிப்போர்ட்டின் படம் இப்போது இருக்கிறது.

மகள் என்னிடம் தனியாகக் கேட்டாள், தனக்குப் பிறக்கப்போகும் பிள்ளைக்கு எத்தனை சதவீதம் இருக்கும் என்று. ஒரே எண்ணாகச் சொல்ல முடியாது, அவள் முட்டை ஒவ்வொன்றிலும் ஒவ்வொரு கலவை. ஐ.வி.எஃப். செய்து, கருவிலிருந்து சில செல்களை எடுத்து அளந்து, குறைவான அளவு உள்ளதைத் தேர்ந்தெடுக்கும் வழி உண்டு. 18 சதவீதத்துக்குக் கீழே இருந்தால் பிள்ளை பாதிக்கப்படாமல் இருக்கும் வாய்ப்பு 95 சதவீதம் அளவில் என்று பல குடும்பங்களின் தரவுகளைச் சேர்த்து 2012இல் ஒரு கணக்கு வந்தது, பல மையங்கள் அந்த எல்லையை ஒட்டியே முடிவெடுக்கின்றன. எல்லா முட்டையிலும் அளவு மிக அதிகம் என்றால் இந்த வழி உதவாது. அப்படிப்பட்டவர்களுக்காக இங்கிலாந்து 2015இல் சட்டம் இயற்றி மைட்டோகாண்ட்ரியா தானத்தை அனுமதித்தது, தாயின் உட்கருவை வேறொரு பெண்ணின் முட்டைக்கு மாற்றும் முறை. அதன் வழியே எட்டுக் குழந்தைகள் பிறந்திருப்பதாக 2025 ஜூலையில் நியூகாசில் குழு வெளியிட்டது. மாற்றும்போது தாயின் மைட்டோகாண்ட்ரியா கொஞ்சம் ஒட்டிக்கொண்டு வந்துவிடுவது உண்டு, அந்தக் குழந்தைகளில் சிலரிடம் சிறிதளவு தென்பட்டிருக்கிறது, அது வளர்ந்த பிறகு எப்படி இருக்கும் என்பதைத் தொடர்ந்து பார்த்துக்கொண்டிருக்கிறார்கள்.

அவள் இதையெல்லாம் நோட்டில் எழுதிக்கொண்டாள். படிப்பு முடிய இன்னும் ஒரு வருஷம் இருக்கிறது, அதற்கப்புறம் பார்த்துக்கொள்கிறேன் அண்ணாச்சி என்றாள். அதற்கு முன்னால் தென்காசிச் சித்தி மகளையும் அவள் இரண்டு பிள்ளைகளையும் திருநெல்வேலிக்கு அழைத்துவந்து இரத்தமும் சிறுநீரும் சேர்த்துக் கொடுக்க ஏற்பாடு செய்திருக்கிறார்கள்.